வயிறு வளரும்போது நாடாவும் வளரணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாசமாக இருக்கும்போது என்ன சாப்பிடணும், எப்போது ஊசி போடணும் என்று கிராம சுகாதார செவிலியர் சொல்லிவிடுகிறார். அங்கன்வாடியிலும் சொல்கிறார்கள். என்ன உடுத்தணும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. 'இருக்கிற சேலையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்' என்று விட்டுவிடுகிறோம். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம். வேலைக்குப் போகும்போதும், வளைகாப்பு, திருவிழா என்று நாலு பேர் முன்னால் போகும்போதும், உடம்புக்கு இதமாகவும் பார்க்க லட்சணமாகவும் எப்படி உடுத்துவது? கடையில் போய்ப் புதிதாக வாங்கச் சொல்லப் போவதில்லை. பெட்டியில் இருக்கிறதை எப்படி மாற்றுவது என்பதுதான் பேச்சு.

நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது கர்ப்பிணிப் பெண்களிடம் 'சேலை கட்டினால் எங்கே கஷ்டமா இருக்கு?' என்று கேட்போம். பெரும்பாலும் கை போகும் இடம் ஒன்றுதான்: இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம். சேலை கெட்டதில்லை. சேலையைப் போல வயிற்றுக்குத் தகுந்து விரிந்து கொடுக்கும் உடுப்பு வேறு கிடையாது. ஆனால் ஐந்தரை மீட்டர் சேலையையும் தாங்குவது அரை விரல் அகலத்தில் ஒரு நாடா. அந்த எடை முழுவதும் ஒரே கோட்டில் இறங்குகிறது. மற்ற நாளில் உடம்பு பொறுத்துக்கொள்ளும். வயிறு முன்னால் தள்ளும்போது அந்தக் கோடு வயிற்றை அறுக்கும்.

இறுக்கம் அதிகமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இராத்திரி நாடாவை அவிழ்த்ததும் இடுப்பைத் தடவிப் பாருங்கள். லேசான தடம் இருந்து, சாப்பிட்டு முடிப்பதற்குள் மறைந்துவிட்டால் பரவாயில்லை. காலையிலும் பள்ளமாக இருந்தால், அரித்தால், தோல் கருத்து உரிந்தால் இறுக்கம் அதிகம். சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வந்து, நாடாவைத் தளர்த்தினதும் குறைந்தால் அதுவும் அடையாளம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தொடையின் வெளிப்பக்கம் எரியும், இல்லை மரத்துப் போகும். வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார்கள். இடுப்பெலும்பை ஒட்டித் தொடைக்குப் போகும் ஒரு நரம்பு இருக்கிறது. வயிறு பெருத்து, மேலே நாடாவும் அழுத்தினால் அந்த நரம்பு நசுங்கி இப்படி ஆகும். நாடாவை மாற்றிப் பார்த்தும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாடா இறுக்கம் பற்றி 2024-ஆம் ஆண்டு ஒரு செய்தி பத்திரிகைகளில் வந்தது. மகாராஷ்டிராவில் வார்தாவிலும் பீகாரில் மதுபனியிலும் இருக்கிற மருத்துவர்கள், வயதான இரண்டு பெண்களுக்கு இடுப்பில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறியதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். ஒருவர் பாவாடையைக் காலமெல்லாம் இறுக்கிக் கட்டியவர். இன்னொருவர் பாவாடையே இல்லாமல் சேலையை இறுக்கிக் கட்டியவர். இது மிக அரிது, பல வருடம் ஒரே இடத்தில் உரசி வந்தது. பத்து மாதத்தில் யாருக்கும் இப்படி வராது, பயப்பட வேண்டாம். ஆனால் நாடாத் தடத்தில் ஆறாத புண் இருக்கிற மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

'இறுக்கிக் கட்டலைன்னா புள்ள எறங்கிடும்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பிள்ளையைத் தாங்குவது கர்ப்பப்பையும் அதைச் சுற்றி இருக்கிற தசையும்தான். நாடாவுக்கு அதில் வேலை இல்லை. இன்னும் சில பேர் ஐந்தாம் மாதம் வரை வயிறு வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று இறுக்குகிறார்கள். அந்த நம்பிக்கையோடு நாங்கள் சண்டை போடவில்லை. வயிற்றை மறைக்கத்தான் வேண்டும் என்றால் முந்தானையை விரித்துப் போட்டு மறையுங்கள், நாடாவால் மறைக்காதீர்கள்.

இப்போது செய்முறைக்கு வருவோம். ஆலங்குடிப் பக்கம் ஒரு குழு உறுப்பினருக்கு நாங்கள் கூட இருந்து மாற்றியதையே சொல்கிறோம். அவர் காலையில் முல்லைப் பூ எடுக்கப் போகிறவர். ஆறாம் மாதம். இடது தொடை எரிகிறது என்றார், இடுப்பில் தடம் கருத்திருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருந்தார்கள். ஆகவே வேலைக்கு இரண்டு பாவாடை, வளைகாப்புக்கு ஒன்று, ஜாக்கெட் ஒன்று என்று கணக்குப் போட்டோம்.

முதலில் அளவு. டேப்பை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். ஒன்று தொப்புள் மேல் சுற்றி, இன்னொன்று வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல் சுற்றி. அவருக்குத் தொப்புளில் 38 அங்குலம், வயிற்றுக்குக் கீழே 34 அங்குலம். அதுவரை அவர் நாடாவைத் தொப்புளுக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார். வயிற்றின் மேட்டில் கட்டினால் நாடா மேலும் கீழும் வழுக்கும், வழுக்காமல் இருக்க இன்னும் இறுக்க வேண்டி வரும். வயிற்றுக்குக் கீழே கட்டினால் எலும்பு தாங்கிக்கொள்ளும், இறுக்கம் குறைவாகவே போதும்.

நாம் வாங்குகிற சாதாரணப் பருத்திப் பாவாடையின் வாய் அகலமாகத்தான் இருக்கும். நாடா போட்டுச் சுருக்குவதால் சின்னதாகத் தெரிகிறது. அவருடையதை நாடா உருவி அளந்தபோது 44 அங்குலம் இருந்தது. ஆக, துணி சேர்க்கத் தேவையே இல்லை. நாடா போகும் பழைய மடிப்பு முக்கால் அங்குலம்தான். அதை விட்டுவிட்டு, மேல் விளிம்பை இரண்டு அங்குலம் உள்ளே மடித்து, அகலமான புது மடிப்பு தைத்தோம். ஒன்றரை அங்குல அகல எலாஸ்டிக் வாங்கினோம். நீளம், உடம்பு அளவில் நாலு அங்குலம் குறைத்து, ஒட்டித் தைக்க ஒரு அங்குலம் கூட்டி, 31 அங்குலம். ஒரு நுனியில் ஊக்கைக் குத்தி மடிப்புக்குள் விட்டு இழுத்து, இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்தாயிற்று. எலாஸ்டிக்கும் உடம்பும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிரித்து ஒரு அங்குலம் விட்டுத் தையுங்கள். ஒரே வீச்சில் ஒன்பதாம் மாதத்துக்கும் சேர்த்துத் தளர்வாகத் தைக்காதீர்கள், ஆறாம் மாதத்தில் நழுவும். எட்டாம் மாதம் ஒருமுறை பிரித்துச் சரிசெய்வதே நல்லது.

மேலே இரண்டு அங்குலம் மடித்ததால் பாவாடை குட்டையாகிவிட்டதே என்று கேட்டார். அது நமக்கு வசதிதான். நாடாவை வயிற்றுக்குக் கீழே இறக்கும்போது பாவாடையின் அடியும் அதே அளவு இறங்கும். மடிக்காமல் விட்டிருந்தால் கால் தட்டும். வயிறு பெருத்தபின் தன் பாதம் தனக்கே தெரியாது. சேலை கணுக்காலுக்கு மேலே நிற்பதுதான் பத்திரம்.

வேலைக்கு இந்த எலாஸ்டிக் பாவாடையும் மெல்லிய பருத்திச் சேலையும் போதும். மதுரைச் சுங்குடி மாதிரி லேசான சேலைக்கு எலாஸ்டிக் தாங்கும். பாலியஸ்டர் சேலை சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம் என்று வேலைக்கு அதையே கட்டுகிறோம். மாசமாக இருக்கும்போது வேர்வை கூடுதல். பாலியஸ்டர் அதை உறிஞ்சாது. வேர்க்குருவும் தொடை உரசிப் புண்ணும் அதனால்தான். பூ எடுக்கும்போது பனியில் கீழ்ப்பாதி நனைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உள்ளாடை முதல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஈரத்தோடு சமையல் வேலையில் இறங்கினால் இடுக்குகளில் படையும் அரிப்பும் வரும்.

வேலை செய்யும்போது முன்கொசுவத்தைத் தூக்கி நடு இடுப்பில் செருகுவது நம் வழக்கம். அப்படிச் செருகினால் ஏழெட்டு மடிப்புத் துணி ஒரு முடிச்சு போல வயிற்றின் மேல் உட்காரும். குனியும்போதெல்லாம் அது குத்தும். கொசுவத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கமும் வலப்பக்கமும் செருகுங்கள். முன்னால் துணி தட்டையாக இருக்கும்.

சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடவுக்கும் களைக்கும் போகிறோம் இல்லையா, மாசமானவர்களுக்கு அதைவிட நல்ல வேலை உடுப்பு இல்லை என்பது எங்கள் கருத்து. வெயில், சோளப் பயிரின் சுணை, பூச்சி எல்லாவற்றையும் தடுக்கும். ஆறேழு மாதத்தில் கீழ்ப் பொத்தான் எட்டாது. பிடித்து இழுத்துப் போடாதீர்கள். இரண்டு பக்கத் தையலையும் கீழிருந்து ஒரு சாண் பிரித்து, விளிம்பை மடித்துத் தைத்துவிட்டால் ஜிப்பா போல விரிந்து கொடுக்கும். வீட்டுக்காரர் சட்டையைக் கேட்டால், புதுசு வாங்கிக்கச் சொல்லுங்கள்!

நைட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். வீட்டில் இருக்க நைட்டி இதம்தான், நாடாவே இல்லை. மேலே துண்டைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் போய் வருகிறோம். ஆனால் வரப்பில் நடக்கவும் கண்மாய்க் கரை ஏறவும் அது வேண்டாம். கால் அகட்டி வைக்க முடியாது, தடுக்கும்.

இனி விசேஷத்துக்கு. இங்கேதான் எலாஸ்டிக் ஏமாற்றும். பட்டுச் சேலை கனம். ஜரிகைக் கரை இன்னும் கனம். எலாஸ்டிக் பாவாடையில் பட்டைச் செருகி அரைமணி நேரம் நின்றால் மொத்தமும் கீழே இறங்க ஆரம்பிக்கும். அதற்குப் பயந்து மேலே இன்னொரு நாடாவைக் கட்டி இறுக்கினால் பழைய கதைதான். அப்படியானால் எடையை எங்கே கொண்டுபோய் வைப்பது? தோளில். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடி வைத்துப் பாவாடை தைப்போம், ஞாபகம் இருக்கா? நாடாவே இருக்காது, தோளில் தொங்கும். அதையேதான் பெரியவர்களுக்கும் தைக்கிறோம்.

ஆலங்குடித் தங்கைக்கு ஒரு பழைய பாவாடையின் வாயைச் சுருக்கி, அதன் மேல் பாடியைச் சேர்த்தோம். பாடிக்கு முக்கால் மீட்டர் பாப்ளின் துணி போதுமாக இருந்தது. பாடி, மார்புக்குக் கீழே இருந்து அடிவயிறு வரை வரும். முன்பக்கம் வயிறு வரும் இடத்தில் மட்டும் பழைய பனியன் துணியை வைத்தோம், அது இழுத்துக் கொடுக்கும். தோள்பட்டி இரண்டு அங்குல அகலம். மெல்லிய பட்டி வைத்தால் இடுப்பை அறுத்தது தோளை அறுக்கும். பட்டியை முன்னால் தைத்து மூடாமல் பொத்தான் வைத்தோம். இரண்டு பொத்தான் துளை, ஒரு அங்குலம் தள்ளித் தள்ளி. வயிறு இறங்கும்போது பட்டியை நீட்டிக்கொள்ளலாம். பிள்ளை பிறந்தபின் அதே பொத்தானை அவிழ்த்துப் பால் கொடுக்கலாம். கொசுவத்தைச் செருக, பாவாடையும் பாடியும் சேருகிற இடத்தில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றித் தைத்தோம். எலாஸ்டிக்கும் நூலும் பொத்தானும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. துணி வீட்டில் இருந்ததுதான்.

கட்டும்போது ஒரு கணக்கு இருக்கு. சேலை இடுப்பை ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றும். வயிறு எட்டு அங்குலம் கூடியிருந்தால் இரண்டு சுற்றுக்குப் பதினாறு அங்குலம் துணி கூடுதலாகப் போகும். வழக்கமாக ஒரு கொசுவ மடிப்புக்குப் பத்து அங்குலம் ஆகும். ஆகவே ஏழு மடிப்பு வைப்பவர் ஐந்தோடு நிறுத்த வேண்டும். பழையபடி ஏழே வைத்தால் முந்தானை குட்டையாகி, வயிற்றை மூடாமல் நிற்கும். 'சேலை சரியாவே நிக்கலைங்க' என்று அலுத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். கொசுவத்தை நட்டநடுவில் செருகாமல் இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளிச் செருகினால் வயிற்றின் மேல் துணி குவியாது. ஊக்கு தோளில் ஒன்று போதும். வயிற்றுப் பக்கம் ஊக்கே வேண்டாம், உட்கார்ந்து எழும்போது திறந்துகொள்ளும்.

எந்தப் பட்டு? கல்யாணப் பட்டைத்தான் கட்டணும் என்று சட்டம் இல்லை. அகல ஜரிகைக் கரை விறைப்பாக நிற்கும், வயிற்றை ஒட்டாமல் கூடாரம் போலத் தெரியும். சின்னக் கரை வைத்த மெல்லிய பட்டோ, பட்டும் பருத்தியும் கலந்ததோ உடம்போடு வழிந்து நிற்கும். நம் பெண்கள் வளைகாப்பில் அதில்தான் அழகாக இருக்கிறார்கள். கல்யாணப் பட்டுதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் சடங்குக்கு மட்டும் கட்டி, போட்டோ எடுத்தவுடன் மாற்றிவிடுங்கள்.

ஜாக்கெட்டில் நடந்தது இது. அவருக்கு மார்பளவு 34 இருந்தது 37 ஆகியிருந்தது. நல்லவேளை, தைத்தவர் உள்ளே ஒவ்வொரு தையலிலும் ஒரு அங்குலம் விட்டிருந்தார். இரண்டு பக்கம், பக்கத்துக்கு முன்துணி பின்துணி என்று நாலு விளிம்பு. ஒவ்வொன்றிலும் முக்கால் அங்குலம் பிரித்தால் மூன்று அங்குலம் கிடைத்துவிடும். மிச்சம் கால் அங்குலம்தான் என்பதால் இரட்டைத் தையல் போட்டோம், இல்லாவிட்டால் கை தூக்கும்போது பிரியும். பட்டுத் துணியில் பழைய தையல் கோடு தெரியும், அது கைக்குக் கீழே இருப்பதால் பாதகமில்லை. அக்குளில் மட்டும் இன்னும் பிடித்தது. உள்ளங்கையில் பாதி அளவு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்ததும் கை தாராளமாகத் தூக்க முடிந்தது. கீழ்க் கொக்கி விலா எலும்பை அழுத்தும். அந்தக் கொக்கிக்கு மட்டும் ஒரு அங்குலம் தள்ளி இன்னொரு வளையம் தைத்துவிடுங்கள்.

புதிதாகத் தைப்பதாக இருந்தால் விசேஷத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் அளவு கொடுங்கள். ஐந்தாம் மாதம் அளவு கொடுத்து ஏழாம் மாதம் போட்டால் ஏறாது. பின்பக்கம் கொக்கி வைத்தது இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அழகுதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் தானாக மாட்ட முடியாது, பிள்ளை பிறந்தபின் பால் கொடுக்க உதவாது. முன்கொக்கியே வையுங்கள்.

வளையலுக்கும் ஒரு வார்த்தை. சமுதாய வளைகாப்பிலும் வீட்டு வளைகாப்பிலும் கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். சாயங்காலம் கை சற்று வீங்கும். வழக்கமாக 2.6 போடுகிறவர் 2.8 கேட்டு வாங்குங்கள். மோதிரமும் மெட்டியும் இறுகுவதற்கு முன்னாலேயே, ஏழாம் மாதத்திலேயே கழற்றி வையுங்கள். மெட்டி கழற்றுவது சகுனம் இல்லை என்றால் திறந்த மெட்டியை விரித்துப் போடலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: நேற்று சரியாக இருந்த வளையலும் மோதிரமும் இன்று திடீரென இறுகி, முகமும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது உடுப்பு விஷயம் இல்லை. இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பங்குனியில் நார்த்தாமலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். கூட்டமும் வெயிலும் சேர்ந்த இடம், அங்கே பட்டு வேண்டவே வேண்டாம். மஞ்சள் பருத்திச் சேலைதான் சரி. பொங்கல் வைக்கும் அடுப்பருகே பாலியஸ்டர் சேலையோடு நிற்காதீர்கள். தீப்பட்டால் பருத்தி எரியும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், ஒட்டியதை எடுக்க முடியாது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிண்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது முந்தானையை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்துப் பிடியுங்கள். சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பக்கவாட்டில் கம்பி வலை இருக்கா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள்.

ஆலங்குடித் தங்கைக்குத் தொடை எரிச்சல் இரண்டு வாரத்தில் குறைந்துவிட்டது. இடுப்புத் தடத்தின் கருப்பு அப்படியேதான் இருக்கிறது, அது மெதுவாகத்தான் மாறும். வளைகாப்பு அன்று மூன்று மணி நேரம் மணையில் உட்கார்ந்திருந்தார், சேலை நழுவவில்லை. அவருடைய நாத்தனார் இப்போது நாலாம் மாதம். அந்தப் பாடிப் பாவாடையை அவர் கேட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, மாசமாக இருக்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் ஆளுக்கு ஒரு பழைய பாவாடை, கிழிந்த பனியன் ஒன்று கொண்டு வாருங்கள். தையல் தெரிந்த உறுப்பினர்கள் இரண்டு பேர் மிஷினோடு வருகிறார்கள். டேப்பும் எலாஸ்டிக்கும் நாங்கள் கொண்டு வருகிறோம்.